எஸ்டேட்டை விற்கப் போகிறார்கள்: போன வருஷக் கணக்கில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது?

பிரியா, அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். சிஏ ஃபைனல் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் பேப்பருக்குப் படிக்கிறேன். போன வாரம் எழுதிய மாதிரித் தேர்வில், விற்பனைக்கு வைத்த சொத்தையும் நிறுத்தும் தொழிலையும் கணக்கில் காட்டுவது பற்றிய இண்ட் ஏஎஸ் 105 கேள்விக்கு 14க்கு 6 தான் வந்தது. திருத்தியவர் என் விடையில் இந்த வருஷக் காலத்திலிருந்து போன வருஷக் காலத்துக்குச் சிவப்பு மையில் ஓர் அம்பு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்திருக்கிறார். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. எங்கே விட்டேன் என்று நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி இது. எண்கள் எல்லாம் லட்சத்தில். கம்பெனிக்கு மூன்று தொழில்: ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் காபி எஸ்டேட், சேலத்தில் காபித்தூள் கடைகள். மூன்றும் தனித்தனி செக்மென்ட். 2025 ஜனவரி 1 அன்று போர்டு எஸ்டேட்டை மொத்தமாக விற்க முடிவெடுத்து, புரோக்கரை வைத்து, சந்தை விலைக்கே விளம்பரமும் கொடுத்துவிட்டது. செப்டம்பருக்குள் முடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பு. அன்றைய தேதி வரை டிப்ரிசியேஷன் கழித்த பிறகு எஸ்டேட்டின் புத்தக மதிப்பு: குட்வில் 60, நிலம் 500, காபிச் செடிகள் 240, கட்டடமும் பல்ப்பிங் மெஷினும் 160, பறித்ததும் செடியில் நிற்பதுமான காபி 90, வர வேண்டிய பாக்கி 50, கொடுக்க வேண்டியது 150. விற்றால் 830 கிடைக்கும், விற்கும் செலவு 30. மார்ச் 31 வரை இந்த மதிப்புகள் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

எஸ்டேட்டின் இந்த வருஷ வருமானம் 420. ஜனவரி 1 வரைக்கான டிப்ரிசியேஷன் 30 உட்பட செலவு 400. போன வருஷம் வருமானம் 380, செலவு 350. கம்பெனியின் மொத்த வருமானம் இந்த வருஷம் 2,140, போன வருஷம் 2,000. வரி எல்லாவற்றுக்கும் 25%. பி அண்ட் எல்லும் பேலன்ஸ் ஷீட்டும் எப்படிக் காட்டுவது என்பதுதான் கேள்வி.

நான் செய்தது: இந்த வருஷ பி அண்ட் எல்லில் எஸ்டேட்டைத் தனியாக எடுத்தேன், போன வருஷ பி அண்ட் எல்லை அப்படியே விட்டேன். பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு வருஷத்திலும் எஸ்டேட்டைப் பிரித்து, நிகரமாக 800 என்று ஒரே வரி. எஸ்டேட் வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் 10 லட்சம் டிப்ரிசியேஷன் சேர்த்தேன்.

விக்னேஷ், ஜங்ஷன்

நானும் அதே பேப்பருக்குத்தான் படிக்கிறேன். டிப்ரிசியேஷன் தப்பு, அது உறுதி. விற்பனைக்கு வைத்த சொத்து, அதாவது ஹெல்ட் ஃபார் சேல் என்று ஆன நாளோடு நிறுத்த வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் போன வருஷத்தையும் பிரித்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு காலமும் ஒரே மாதிரி இருந்தால்தானே ஒப்பிட முடியும்? பி அண்ட் எல்லிலும் போன வருஷத்தை மாற்றியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த அம்பு என்று நினைக்கிறேன்.

கணேசன், ஆத்தூர்

தம்பிக்கும் தங்கைக்கும் வணக்கம். 27 வருஷமாக ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டிப்ரிசியேஷனை நிறுத்துவது எனக்கு ஒத்துவரவில்லை. பல்ப்பிங் மெஷின் ஓடுகிறது, தேய்கிறது. தேய்கிற பொருளுக்குத் தேய்மானம் இல்லை என்று எப்படி எழுதுவது? எங்களுக்கு இதற்கு நிறுத்தும் தொழில்களைப் பற்றிய ஏஎஸ் 24. போர்டு விரிவான திட்டத்தை ஏற்று வெளியில் அறிவித்துவிட்டால் அதுவே போதும், நோட்ஸில் தனியாகக் காட்டுவோம். அதற்காக சொத்தின் மதிப்பை இறக்குவதோ வேறு இடத்துக்கு மாற்றுவதோ அந்த ஸ்டாண்டர்டின் வேலை இல்லை. அந்த அளவுக்குப் பிரியா செய்தது சரிதானே?

மல்லிகா, லீபஜார்

பிரியா, நீ இரண்டு இடத்தையும் அப்படியே தலைகீழாக மாற்றியிருக்கிறாய். மாற்ற வேண்டிய போன வருஷத்தை விட்டுவிட்டு, தொடக் கூடாத போன வருஷத்தை மாற்றியிருக்கிறாய். பி அண்ட் எல்லில் போன வருஷமும் பிரிய வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் போன வருஷம் அப்படியே நிற்க வேண்டும். விக்னேஷ் பாதி சரி, பாதி தப்பு. ஒரு கம்பெனியில் பல வருஷம் கன்சாலிடேஷன் பார்த்தவள் நான். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதே இடத்தில்தான் தடுக்குவார்கள். அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

உன் எண்களையே எடுத்துக்கொள். இந்த வருஷம் எஸ்டேட்டைக் கழித்தால் தொடரும் தொழிலின் வருமானம் 1,720. போன வருஷத்தை நீ அப்படியே விட்டதால் பக்கத்துக் காலத்தில் 2,000 நிற்கிறது. பார்க்கிறவர், வியாபாரம் 14 சதவீதம் விழுந்துவிட்டது என்று நினைப்பார். போன வருஷத்திலிருந்தும் எஸ்டேட்டின் 380ஐ எடுத்துவிட்டால் அது 1,620 ஆகிறது. அப்போதுதான் ஆலையும் கடைகளும் சேர்ந்து 6 சதவீதம் வளர்ந்திருக்கின்றன என்ற உண்மை தெரியும். எஸ்டேட் போன பிறகு மிச்சம் இருக்கும் தொழில் எப்படி ஓடுகிறது என்று காட்டத்தான் இந்த வரியைப் பிரிக்கிறோம். ஒரு காலத்தை மட்டும் பிரித்தால் பிரிக்காமல் விட்டதைவிட மோசம்.

பேலன்ஸ் ஷீட் அப்படி இல்லை. அது ஒரு தேதியில் எது எப்படி இருந்தது என்ற படம். 2024 மார்ச் 31 அன்று அந்த எஸ்டேட்டை விற்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. செடிகள் செடிகளாக, நிலம் நிலமாக பிராப்பர்ட்டி பிளாண்ட் எக்விப்மென்ட்டில் இருந்தன. இன்றைய முடிவை அந்தத் தேதிக்குக் கொண்டுபோய் ஒட்டினால் அது பொய்ப்படம். அதனால்தான் 105இன் 34ஆம் பத்தி பி அண்ட் எல்லின் முந்தைய வருஷங்களை மறுபடி காட்டச் சொல்கிறது, 40ஆம் பத்தி பேலன்ஸ் ஷீட்டின் முந்தைய வருஷத்தை மாற்றாதே என்கிறது. திருத்தியவரின் அம்பு இதைத்தான் கேட்கிறது.

அப்புறம் அந்த 800. நிகரமாகக் காட்டவே கூடாது. சொத்து ஒரு வரி, கடன் இன்னொரு வரி. மதிப்பை இறக்கிய பிறகு சொத்துகள் 950, கடன் 150; எப்படி இறக்குவது என்று பிறகு சொல்கிறேன். கழித்தால் 800 வரும், ஆனால் கழிப்பது படிப்பவரின் வேலை, நம்முடையது இல்லை. என்னென்ன வகைச் சொத்து, எவ்வளவு என்று நோட்ஸில் கொடுக்க வேண்டும்.

கணேசன் அண்ணாவுக்கு: ஏஎஸ் 24 பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் இந்தக் கேள்வி இண்ட் ஏஎஸ் கம்பெனிக்கு. அங்கே போர்டு முடிவு மட்டும் போதாது. இப்போது இருக்கும் நிலையிலேயே விற்கத் தயாராக இருக்க வேண்டும், வாங்குபவரைத் தேடும் வேலை தொடங்கியிருக்க வேண்டும், நியாயமான விலை சொல்லியிருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் முடியும் என்று இருக்க வேண்டும். இந்தக் கேள்வியில் புரோக்கர், விளம்பரம், செப்டம்பர் என்று மூன்றையும் போட்டது அதற்காகத்தான். தேய்மானம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. மெஷின் தேய்வதை ஸ்டாண்டர்டு மறுக்கவில்லை. அந்த மெஷினுக்குப் போட்ட பணம் இனி ஓட்டத்திலிருந்து திரும்பி வராது, விற்கும் விலையிலிருந்துதான் வரும். அந்த விலையோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டு இறக்குகிறோம். தேய்மானமும் போட்டு இதையும் செய்தால் ஒரே இழப்பை இரண்டு வழியில் பிடித்ததாகிவிடும்.

நாகலூர் தோட்டம்

தலைப்பில் எஸ்டேட் என்று பார்த்து வந்தேன். எனக்கு நாகலூர் பக்கம் 12 ஏக்கர் இருக்கிறது, பையன் பெங்களூரில் செட்டில் ஆகிவிட்டான். விற்றால் எவ்வளவு வரி வரும் என்று யாராவது சொல்ல முடியுமா?

மல்லிகா, லீபஜார்

ஐயா, இங்கே பேசுவது கம்பெனியின் வருஷக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று மட்டும்தான். உங்கள் நிலத்துக்கான வரி வேறு விஷயம், பத்திரம், நிலத்தின் வகை எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் ஆடிட்டரிடம் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆனால் நீங்கள் தோட்டக்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன்: தோட்டத்தை விற்கும்போது நிலத்துக்கு இவ்வளவு, செடிக்கு இவ்வளவு என்று பிரித்து விலை பேசுவார்களா?

நாகலூர் தோட்டம்

யாரும் பிரித்துப் பேச மாட்டார்கள் அம்மா. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே பேச்சு. வருகிறவர் ரோடு எவ்வளவு தூரம், தண்ணீர் இருக்கிறதா, நிழல் மரம் நன்றாக இருக்கிறதா, சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். செடியைத் தொட்டுப் பார்த்து வயசு கேட்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை. பழம் மட்டும் தனி. ஜனவரி முதல் தேதி என்றால் அரபிக்கா பறிப்பு நடுவில் இருக்கும். சிவந்த பழத்தை மட்டும் கையால் பறிப்பதால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். பாதி களத்தில் காயும், பாதி செடியில் இருக்கும். அந்த வெள்ளாமை எனக்கா உனக்கா என்று தனியாகப் பேசி முடிப்போம்.

மல்லிகா, லீபஜார்

ரொம்ப நன்றி ஐயா. பிரியாவின் கேள்வியில் அடுத்த பாதி இதுதான்.

பிரியா, எஸ்டேட்டின் நிகரப் புத்தக மதிப்பு 950. செலவு போக விற்றால் 800. ஆக 150 இறக்க வேண்டும். எதில் இறக்குவது? முதலில் குட்வில் முழுக்கப் போகும், அது 60. மிச்சம் 90. இதை நிலம், செடிகள், கட்டடம் மெஷின் மூன்றின் மேலும் அவற்றின் மதிப்பு விகிதத்தில் பரப்ப வேண்டும். மூன்றும் சேர்ந்து 900, அதனால் எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு: நிலத்தில் 50, செடியில் 24, கட்டடத்தில் 16. ஐயா சொன்ன மாதிரி வாங்குபவர் மூன்றுக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். விகிதத்தில் பரப்புவதற்கு அதுவே காரணம்.

களத்திலும் செடியிலும் இருக்கும் காபி 90ஐத் தொடக் கூடாது. வர வேண்டிய பாக்கி 50ஐயும் தொடக் கூடாது. செடியும் பழமும் இங்கே வேறு வேறு. காபிச் செடி பல வருஷம் காய்த்துக்கொண்டே இருக்கும் பேரர் பிளாண்ட், கட்டடம் மாதிரி இண்ட் ஏஎஸ் 16இல் வரும். அதில் தொங்கும் பழம் இண்ட் ஏஎஸ் 41, பறித்துக் களத்துக்கு வந்த பிறகு சரக்கு. இவற்றுக்கெல்லாம் சொந்த அளவீடு இருக்கிறது. அதன்படி முதலில் சரியாக வைத்துவிட்டுத்தான் மொத்தத்தை 800உடன் ஒப்பிடுகிறோம். பாதிப் பேர் 150ஐ எல்லாச் சொத்திலும் பரப்பி மார்க்கை விடுவது இங்கேதான்.

சரிபார்க்க ஒரு வழி: நிலம் 450, செடி 216, கட்டடம் 144, காபி 90, பாக்கி 50. கூட்டினால் 950. கடன் 150 போனால் 800. இது வராவிட்டால் எங்கோ தொடக் கூடாததைத் தொட்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

விக்னேஷ், ஜங்ஷன்

மேடம், ஒரு சந்தேகம். இம்பேர்மென்ட் ஸ்டாண்டர்டில் ஒரு சொத்தை அதன் தனி மதிப்புக்குக் கீழே இறக்கக் கூடாது என்று இருக்கிறது. ஏற்காட்டில் நிலத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். நிலத்தைத் தனியாக விற்றாலே 500க்கு மேல் போகும் என்று கேள்வியில் கொடுத்திருந்தால்? அப்போது நிலத்தை விட்டுவிட்டு 90ஐயும் செடியிலும் கட்டடத்திலும் போடத்தானே வேண்டும்?

மல்லிகா, லீபஜார்

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறாய். இண்ட் ஏஎஸ் 36இல் அந்தத் தடை 105ஆம் பத்தி. ஸ்டாண்டர்டு நம்பரும் 105 என்பதால் குழப்பிக்கொள்ளாதே. இண்ட் ஏஎஸ் 105இன் 23ஆம் பத்தி, பரப்பும் வரிசைக்கு 36இன் 104ஐயும் 122ஐயும் மட்டும் சுட்டுகிறது. அந்தத் தடைப் பத்தியைச் சுட்டவில்லை. அதனால் விற்பனைக்கு வைத்த சொத்துத் தொகுப்பில் அந்தத் தடை பொருந்தாது. நிலத்திலும் 50 இறங்கும். அங்கே 36இல் சொத்து தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கப் போகிறது, இங்கே மொத்தமாகக் கைமாறப் போகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும்.

பிரியா, அஸ்தம்பட்டி

அக்கா, புரிந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. 10 லட்சம் டிப்ரிசியேஷன் சேர்த்துத் தப்பாகப் போட்டேன் அல்லவா, அப்படியும் நிறுத்தும் தொழிலைத் தனியாகக் காட்டும் டிஸ்கன்டின்யூட் வரியில் எனக்கு வரிக்கு முன் 130 நஷ்டம்தான் வந்தது. விடைக்குறிப்பிலும் 130 தான். தப்பாகப் போட்டும் எப்படிச் சரியாக வந்தது?

மல்லிகா, லீபஜார்

இதைக் கேட்டதற்கே உனக்கு இரண்டு மார்க் கூடப் போடலாம். நீ 10 கூடுதலாகத் தேய்த்ததால் எஸ்டேட்டின் லாபம் 20லிருந்து 10 ஆனது. அதே 10 புத்தக மதிப்பிலும் குறைந்து 940 ஆனது. கடைசியில் எப்படியும் 800க்கு இறக்கத்தான் போகிறாய், அதனால் இறக்கும் தொகை 150க்குப் பதில் 140. பத்து போட்டு நூற்றைம்பது, இல்லை இருபது போட்டு நூற்று நாற்பது என்று கலந்திருந்தால் தெரிந்திருக்கும். உன்னுடையது 10 கழித்தல் 140, சரியானது 20 கழித்தல் 150. இரண்டும் 130 நஷ்டம்.

மொத்தம் ஒத்துப்போனதால் தப்பு மறைந்துவிட்டது. ஆனால் நோட்ஸில் தொழில் நடத்திய லாபம் எவ்வளவு, மதிப்பு இறக்கியது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். அங்கே உன் இரண்டு எண்ணும் தப்பு. இன்னொன்று, எஸ்டேட் 1,000க்குப் போகும் என்று கேள்வியில் மாற்றியிருந்தால் இறக்க எதுவும் இருந்திருக்காது. அப்போது உன் 10 எங்கேயும் ஒளிய முடியாமல் நேராக லாபத்தைக் குறைத்திருக்கும்.

பி அண்ட் எல்லின் முகப்பில் இப்படி வரும். இண்ட் ஏஎஸ் கம்பெனிகளுக்கான ஷெட்யூல் 3, டிவிஷன் 2 படிவத்தில் வரிக்கு முன் தொகை, அதற்கான வரி, வரிக்குப் பின் தொகை என்று மூன்று வரி உண்டு. இந்த வருஷம் 130 நஷ்டம், வரி வகையில் 32.5 குறைவு, கடைசியில் 97.5 நஷ்டம். போன வருஷக் காலத்தில் 30 லாபம், வரி 7.5, மிச்சம் 22.5 லாபம். எஸ்டேட்டின் 420ஐ மேலே மொத்த வருமானத்திலும் விட்டுவைத்து, கீழே இந்த வரியிலும் காட்டிவிடாதே. இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

கணேசன், ஆத்தூர்

குட்வில் 60க்கும் வரி 25% கழித்திருக்கிறீர்களே அம்மா. நிஜத்தில் அப்படிக் கிடைக்குமா? காபி வருமானத்துக்கே தனி விதி இருக்கிறது, ஒரு பங்கை விவசாய வருமானமாக எடுப்பார்கள்.

மல்லிகா, லீபஜார்

நிஜத்தில் அப்படி நேராக வராது அண்ணா, நீங்கள் சொல்வது சரி. தேர்வில் எல்லாவற்றுக்கும் 25% என்று கொடுத்துவிட்டார்கள், அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கணேசன், ஆத்தூர்

அப்புறம் என்னுடைய ஒரு விஷயம். எங்கள் முதலாளியின் தெரிந்தவர் கம்பெனி, இண்ட் ஏஎஸ் போடுகிற அளவுக்குப் பெரியது. அவர்களுடைய ஓர் ஆலை இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. மரவள்ளிக் கிழங்கு வரத்து சரியில்லை என்று நிறுத்தினார்கள். நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார்கள். பூட்டின ஆலைதானே, இதை ஹெல்ட் ஃபார் சேலில் போட்டு டிப்ரிசியேஷனை நிறுத்தலாமா?

மல்லிகா, லீபஜார்

முடியாது அண்ணா. நல்ல விலை வந்தால் பார்க்கலாம் என்பது விற்கும் திட்டம் இல்லை. வாங்குபவரைத் தேடவில்லை, விலை சொல்லவில்லை, ஒரு வருஷத்தில் முடியும் என்றும் இல்லை. சும்மா நிறுத்தி வைத்த சொத்தைக் கைவிட்டதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டிப்ரிசியேஷன் ஓட வேண்டும். அதோடு இரண்டு வருஷம் பூட்டிக் கிடக்கிறது என்பதே இம்பேர்மென்ட் பார்க்க ஓர் அறிகுறி. நிரந்தரமாகவே மூடிவிட்டால், அது தனிப் பெரிய தொழிலாக இருந்தால், ஓட்டம் நின்ற நாளிலிருந்து பி அண்ட் எல்லில் டிஸ்கன்டின்யூட் என்று காட்டலாம். அப்போதும் பேலன்ஸ் ஷீட்டில் ஹெல்ட் ஃபார் சேல் ஆகாது, ஏனென்றால் அங்கே விற்பனையே இல்லை.

விக்னேஷ், ஜங்ஷன்

அப்படியானால் இரண்டும் தனித்தனியா? ஹெல்ட் ஃபார் சேல் என்றாலே டிஸ்கன்டின்யூட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லிகா, லீபஜார்

தனித்தனிதான். இதே கம்பெனிக்கு ஏற்காட்டில் மூன்று எஸ்டேட் இருந்து ஒன்றை மட்டும் விற்றால், காபித் தொழில் தொடர்கிறது. அந்த ஒரு எஸ்டேட் பேலன்ஸ் ஷீட்டில் ஹெல்ட் ஃபார் சேல். ஆனால் பி அண்ட் எல்லில் அதன் வருமானமும், இறக்கிய 150உம் தொடரும் தொழிலிலேயே நிற்கும். போன வருஷத்தைத் தொடவே வேண்டியதில்லை. கேள்வியில் எத்தனை எஸ்டேட், எத்தனை செக்மென்ட் என்று ஒரு வரி இருக்கும், அதை அடிக்கோடிட்டுப் படி.

நாகலூர் தோட்டம்

நான் கேட்பது சம்பந்தமில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அதே கம்பெனிக்குச் சேலத்தில் காபித்தூள் கடை இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கடைக்குக் கொட்டை இந்த எஸ்டேட்டிலிருந்துதானே போயிருக்கும்? எஸ்டேட்டை விற்றுவிட்டால் கடை யாரிடம் வாங்கும்?

மல்லிகா, லீபஜார்

ஐயா, இதைவிடச் சம்பந்தமான கேள்வி இல்லை. பிரியாவின் கேள்வியில் 420 முழுக்க வெளியாருக்கு விற்றது என்று எடுத்துக்கொண்டோம். அதில் 80 சொந்தக் கடைகளுக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குள்ளேயே நடந்த விற்பனை, அடித்துவிட வேண்டும். நேராக அடித்தால் எஸ்டேட்டின் வருமானம் 340 ஆகிறது, செலவு 400, எஸ்டேட் 60 நஷ்டம் என்று தெரியும். அந்தப் பக்கம் கடைகள் வாங்கிய 80 செலவு மறைந்து, தொடரும் தொழில் 80 கூடுதல் லாபம் காட்டும். மொத்தம் மாறாது. ஆனால் கடைகளுக்குக் கொட்டை சும்மா கிடைத்த மாதிரி ஆகிவிடும். எஸ்டேட் போன அடுத்த வருஷம் கடை அதே கொட்டையைக் காசு கொடுத்துத்தான் வாங்கும். அதனால் விற்ற பிறகும் அந்த எஸ்டேட்டிலேயே வாங்கப் போகிறார்கள் என்றால், 80 செலவைத் தொடரும் தொழிலிலேயே வைத்து, அதற்கு ஈடானதை டிஸ்கன்டின்யூட் பக்கத்தில் வைப்பதுதான் உண்மைக்குப் பக்கம் என்பேன்.

ராஜா, குகை

மல்லிகா மேடம் சொன்ன இரண்டாவது முறையில்தான் நாங்கள் ஒரு வருஷம் வரைவு போட்டோம். எங்கள் ஆடிட்டர்கள் ஏற்கவில்லை. தனக்குத்தானே கொடுத்த பணம் செலவு வரியில் நிற்கக் கூடாது, உள் பரிவர்த்தனையை அடிப்பதில் 105 எந்த விலக்கும் தரவில்லை என்றார்கள். 2016 ஜனவரியில் ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழுவும் அதையே சொன்னது என்று எடுத்துக் காட்டினார்கள். நேராக அடித்து, நோட்ஸில் விளக்கம் கொடுத்தோம். எங்கள் டிஸ்கன்டின்யூட் வரி பார்க்கவே பயமாக இருந்தது, ஆனால் கையெழுத்து அப்படித்தான் வந்தது.

மல்லிகா, லீபஜார்

அந்த முடிவை நானும் படித்தேன் ராஜா. கன்சாலிடேஷன் விதிக்கு மேல் இந்த ஸ்டாண்டர்டு போகாது என்று சொல்லியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் அடித்த பிறகு எந்தப் பக்கத்தில் சரிக்கட்டுவது என்று கட்டளை போடவில்லை, படிப்பவருக்குத் தேவையான கூடுதல் விளக்கம் கொடுங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். மொத்த லாபம் மாறாமல் இருக்கும்வரை என் முறையும் நிற்கும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ராஜா, குகை

இரண்டு பெரிய ஆடிட்டர்களிடம் கேட்டால் இரண்டு பதில் வரும், அது எனக்கும் தெரியும் மேடம். நாங்கள் விற்ற தொழிலை வாங்கியவரோடு, அவரிடமே தொடர்ந்து சரக்கு வாங்க எங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. அது இருந்திருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் வலுவாக இருந்திருக்கும்.

பிரியா, அஸ்தம்பட்டி

அப்படி ஒரு வரி பேப்பரில் வந்தால் நான் என்ன எழுதுவது?

மல்லிகா, லீபஜார்

விற்ற பிறகும் தொடர்ந்து வாங்குவார்கள் என்று கேள்வி சொல்கிறதா என்று முதலில் பார். ஒன்றும் சொல்லாவிட்டால் ராஜா மாதிரி நேராக அடித்துவிடு, அது பாதுகாப்பு. எந்த அடிப்படையில் செய்தாய் என்று விடைக்கு மேலே ஒரு வரி எழுதிவிடு.

பிரியா, அஸ்தம்பட்டி

சரி அக்கா. இன்று இரவு முழுவதையும் மறுபடி போடுகிறேன். போன வருஷ பி அண்ட் எல் 1,620, டிஸ்கன்டின்யூட் 22.5 லாபம். போன வருஷ பேலன்ஸ் ஷீட்டில் கை வைக்க மாட்டேன். கடைசியாக ஒன்று: போர்டு முடிவு ஜனவரி 1க்குப் பதில் ஏப்ரல் 10 என்று தேதியை மட்டும் மாற்றினால்? கணக்கு இன்னும் போர்டில் ஒப்புதல் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

விக்னேஷ், ஜங்ஷன்

இது எனக்குத் தெரியும். மார்ச் 31 அன்று நிபந்தனைகள் நிறைவேறவில்லை, அதனால் அந்த வருஷக் கணக்கில் ஹெல்ட் ஃபார் சேல் கிடையாது. டிப்ரிசியேஷன் 12 மாதத்துக்கும் போடணும், பிரியா, நீங்கள் போட்ட 30உம் 10உம் சேர்ந்த 40 அப்போது சரியாகிவிடும். நோட்ஸில் மட்டும் சொல்ல வேண்டும். சரிதானே மேடம்?

மல்லிகா, லீபஜார்

சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்: ஏப்ரலில் விற்க முடிவெடுத்தார்கள் என்றால் மார்ச்சிலேயே மதிப்பு குறைந்திருந்ததா என்று இண்ட் ஏஎஸ் 36இல் பார்க்க வேண்டும். அந்த இறக்கம் வந்தால் அது தொடரும் தொழிலின் செலவாகவே போகும்.